கரண்ட் அக்கவுண்டில் எவ்வளவு பணம் வைக்கலாம்? இரண்டு சூத்திரங்களும் அவற்றைக் கையாளும் முறையும்

கரண்ட் அக்கவுண்டில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. ரிசர்வ் வங்கியின் விதியே அப்படித்தான். அதே பணம் லிக்விட் ஃபண்டிலோ குறுகிய கால டெபாசிட்டிலோ இருந்தால் ஏதோ ஒரு வட்டி வரும். அதற்காக எல்லாவற்றையும் அங்கே போட்டுவிட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், ஒவ்வொரு முறையும் ஆள் உட்கார வேண்டும், முதலாளி ஒப்புதல் தர வேண்டும், கணக்கில் பதிய வேண்டும். ஒரு பக்கம் இழக்கும் வட்டி, மறுபக்கம் எடுத்துப் போடும் செலவு. இரண்டும் சேர்ந்து எங்கே மிகக் குறைவாகிறதோ அதுதான் கையில் வைக்க வேண்டிய தொகை. அதைக் கண்டுபிடிக்கச் சூத்திரங்கள் உண்டு. சி.ஏ., சி.எம்.ஏ. படிப்பவர்கள் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். உண்மையான கணக்கு ஒன்றை முன்னால் வைத்தால் எந்த எண்ணை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலும் தடுமாற்றம் வரும். இந்தக் கட்டுரை அந்த இடத்துக்காக.

முதலில், இது தேவைப்படாதவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்துக்கு ஓ.டி. அல்லது கேஷ் கிரெடிட் கணக்கு இருந்து, அதில் எப்போதும் கொஞ்சம் கடன் நின்றுகொண்டிருந்தால், கையில் வரும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அங்கே நீங்கள் கட்டும் வட்டி, ஃபண்டில் கிடைப்பதை விட அதிகம். உள்ளே போடுவதற்கோ வெளியே எடுப்பதற்கோ தனிச் செலவும் இல்லை. அந்த நிலையில் சூத்திரம் போட்டால் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், அதுவே சரியும்கூட. சிறு தொழில்களில் நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கடன் இல்லாமல் உபரிப் பணம் உள்ளவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

பணம் மொத்தமாக வந்து சீராகக் கரையும் இடம்: பாமோல் மாடல்

வில்லியம் பாமோல் 1952இல் ஒரு கட்டுரை எழுதினார். கிடங்கில் சரக்கை எவ்வளவு வாங்கி அடுக்குவது என்பதற்கு ஏற்கெனவே இருந்த கணக்கைப் பணத்துக்குப் பொருத்திக் காட்டினார். பணமும் ஒரு சரக்குதான்: அடுக்கி வைத்தால் செலவு, அடிக்கடி வாங்கினாலும் செலவு. சூத்திரம் சின்னதுதான்:

```
C = sqrt(2 * F * T / k)
```

இதில் T என்பது ஓர் ஆண்டில் செலவழிக்கப்போகும் மொத்தத் தொகை. F என்பது ஒரு முறை ஃபண்டிலிருந்து எடுக்க ஆகும் செலவு. k என்பது இழக்கும் ஆண்டு வட்டி, 6% என்றால் 0.06. விடையாக வரும் C, ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டிய தொகை.

கோவையில் ஒரு தனியார் மாணவர் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூனில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை கட்டணம் வசூலாகும், ஒவ்வொரு தடவையும் 60 லட்சம் ரூபாய். மாதச் செலவு 10 லட்சம். அதில் 3 லட்சம் சம்பளமும் கட்டட வாடகையும். மீதி 7 லட்சம் காய்கறி, அரிசி, கேஸ், மின்சாரம், பழுதுபார்ப்பு என்று மாதம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த விடுதி ஒன்றுமே செய்யாமல் 60 லட்சத்தையும் கரண்ட் அக்கவுண்டிலேயே விட்டுக் கரைத்தால், சராசரியாக 30 லட்சம் வட்டியில்லாமல் கிடக்கும். 6% கணக்கில் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் போகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சூத்திரத்தை எவ்வளவு துல்லியமாகப் போடலாம் என்று யோசிக்கும்போது, எங்கே பெரிய பணம் இருக்கிறது, எங்கே சில்லறை இருக்கிறது என்பது இதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

படி 1: தேதி தெரிந்த பெரிய செலவுகளைத் தனியே பிரியுங்கள்

பாமோல் மாடல், செலவு நாள்தோறும் ஒரே சீராகப் போவதாக நினைத்துக்கொள்கிறது. சம்பளம் அப்படிப் போவதில்லை, ஒன்றாம் தேதி மொத்தமாகப் போகிறது. அந்தப் பணம் கணக்கில் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முந்தைய வேலை நாளில் ஃபண்டிலிருந்து கேட்டு வாங்கி, வந்த அன்றே கொடுத்துவிடலாம். ஆகவே 3 லட்சத்தை T-க்குள் சேர்க்கக் கூடாது. மீதி மாதம் 7 லட்சம், ஆண்டுக்கு 84 லட்சம். அதுதான் T.

இதைப் பிரிக்காமல் 1 கோடியே 20 லட்சத்தைப் போட்டுக் கணக்கிடுவது புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை. C தேவையில்லாமல் பெருகும். அப்படியும் சம்பள நாளில் பணம் போதாமல் போகலாம், ஏனென்றால் சூத்திரத்துக்குச் சம்பளத் தேதி தெரியாது.

படி 2: F-ஐ நேர்மையாகக் கணக்கிடுங்கள்

பாடப்புத்தகங்களில் F-ஐக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியே வந்தால் அதை யாரும் தர மாட்டார்கள். வங்கியோ ஃபண்டோ வசூலிக்கும் கட்டணத்தை மட்டும் தேடினால் F பூஜ்யம் என்றே தோன்றும். உண்மையான செலவு ஆட்களின் நேரத்தில் இருக்கிறது.

விடுதியின் அக்கவுண்டண்டுக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம், ஏறக்குறைய 200 மணி நேர வேலை என்றால் மணிக்கு 125 ரூபாய். இருப்பைப் பார்த்து, ஃபண்டில் பதிந்து, மறுநாள் பணம் வந்ததா என்று சரிபார்த்து, டேலியில் ஏற்ற எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். முதலாளி ஒப்புதல் தர எடுக்கும் கால் மணி நேரத்துக்கு 100 ரூபாய் வைப்போம். ஒவ்வொரு விற்பனைக்கும் லாபக் கணக்குப் போட வேண்டியிருப்பதால் ஆடிட்டர் ஆண்டு முடிவில் கூடுதலாகக் கேட்பதை ஒரு பதிவுக்குப் பிரித்தால் 75 ரூபாய். மொத்தம் 300.

‘அக்கவுண்டண்டுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கிறோமே, அவர் நேரத்தை ஏன் சேர்க்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் சும்மா இருக்கும் நேரத்தில் இதைச் செய்கிறார் என்றால் சேர்க்க வேண்டாம். வசூல் பாக்கியைத் துரத்துவதை விட்டுவிட்டு இதைச் செய்கிறார் என்றால் சேர்த்தே ஆக வேண்டும். என் கருத்தில் பெரும்பாலான அலுவலகங்களில் இரண்டாவதுதான் உண்மை.

தொகைக்கு ஏற்ப ஏறும் செலவுகளை மட்டும் F-இல் கொண்டுவராதீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது 0.005% முத்திரைத் தீர்வை பிடிக்கிறார்கள், 2020 ஜூலையிலிருந்து. 60 லட்சத்துக்கு 300 ரூபாய். நீங்கள் பத்து முறை எடுத்தாலும் முப்பது முறை எடுத்தாலும் அது மாறப்போவதில்லை. மாறாத ஒன்றுக்கு, எத்தனை முறை எடுப்பது என்ற முடிவில் இடமில்லை. லிக்விட் ஃபண்டை ஏழு நாளுக்குள் விற்றால் ஒரு சிறு வெளியேறும் கட்டணமும் உண்டு. முதல் நாளில் 0.0070%, பிறகு படிப்படியாகக் குறைந்து ஏழாம் நாளிலிருந்து இல்லை. 3 லட்சத்துக்கு அதிகபட்சம் 21 ரூபாய். முதலில் வாங்கிய யூனிட்டுகள்தான் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும் என்பதால், ஜூனில் மொத்தமாகப் போட்டு மெல்ல எடுக்கும் விடுதியை இது தொடவே தொடாது.

படி 3: k என்பது வித்தியாசம்

ஃபண்ட் தரும் வட்டியிலிருந்து, கரண்ட் அக்கவுண்டில் ஏதாவது கிடைத்தால் அதைக் கழித்துவிட்டு மீதியைப் போட வேண்டும். கரண்ட் அக்கவுண்டில் ஒன்றும் இல்லை என்பதால் இங்கே 6% அப்படியே நிற்கிறது. வரிக்குப் பிறகு எவ்வளவு என்று குழம்ப வேண்டாம். வட்டி வருமானத்துக்கும் வரி உண்டு, F-இல் உள்ள செலவுகளுக்கும் வரிக் கழிவு உண்டு. ஒரே விகிதத்தில் வரி கட்டும் தொழிலில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், C மாறாது.

படி 4: போட்டுப் பார்க்கலாம்

எக்செல்லில் B1-இல் 300, B2-இல் 8400000, B3-இல் 0.06 என்று வைத்து:

```
=SQRT(2*B1*B2/B3)
```

விடை சுமார் 2,90,000 ரூபாய். 84 லட்சத்தை இதால் வகுத்தால் ஆண்டுக்கு 29 முறை, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். எடுக்கும் செலவு 29 × 300, சுமார் 8,700 ரூபாய். எடுத்த பணம் 2.9 லட்சத்தில் தொடங்கிப் பூஜ்யம் வரை கரைவதால் சராசரியாக அதில் பாதி கையில் இருக்கும். அதற்கு 6% என்றால் அதுவும் சுமார் 8,700. இரண்டும் சமமாக வருவது தற்செயல் இல்லை. பாமோல் கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தால் இரண்டும் சமமாகத்தான் வரும். வரவில்லையா, எங்கேயோ மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் கலந்துவிட்டன. மாதச் செலவான 7 லட்சத்தை ஆண்டு வட்டியோடு சேர்த்துப் போடுவதுதான் வழக்கமான கலப்படம்.

சரி, பன்னிரண்டரை நாளுக்கு ஒரு முறை எடுப்பதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? யாரும் வேண்டாம். இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. மாதம் இரண்டு முறை, தடவைக்கு 3.5 லட்சம் எடுத்தால் மொத்தச் செலவு 17,700 ரூபாய். சூத்திரம் சொன்ன மிகக் குறைந்த செலவு 17,390. வித்தியாசம் ஆண்டுக்கு 310 ரூபாய்தான். வாரா வாரம் எடுத்தால் சுமார் 20,450, மாதம் ஒரு முறை என்றால் 24,600. தினமும் எடுத்தால் மட்டும், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால், 90,000 ரூபாயைத் தாண்டிப் போகும்.

அதாவது, சிறந்த புள்ளியைச் சுற்றிச் செலவுக் கோடு ஏறக்குறைய தட்டையாக இருக்கிறது. சூத்திரம் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு எடுத்தாலும் செலவு 8 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் கூடும். F-ஐத் தவறாக ஊகித்தாலும் அப்படித்தான். உண்மையில் 300 ஆக இருக்க, நீங்கள் 150 என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஆண்டுச் செலவு ஆயிரம் ரூபாய்தான் கூடும். படி 2இல் பைசா சுத்தமாக F-ஐத் தேடி வாரக்கணக்கில் உட்காராதீர்கள் என்பதற்கு இதுவே காரணம். தோராயமாகச் சரியாக இருந்தால் போதும்.

ஆகவே விடுதிக்கு என் யோசனை: மாதம் இரண்டு முறை. ஒன்றாம் தேதிக்கு முந்தைய எடுப்பைச் சம்பளப் பணத்தோடு சேர்த்து ஒரே வேலையாக முடித்துவிடலாம். எப்படியும் சம்பளத்துக்காக ஒருவர் உட்காரத்தான் போகிறார். பதினைந்தாம் தேதிவாக்கில் இன்னொன்று. தேதியை நாட்காட்டியில் போட்டுவிட்டால் யாரும் இருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

படி 5: அடித்தட்டுத் தொகை

பாமோல் கணக்கில் பணம் பூஜ்யத்தைத் தொட்டவுடன் அடுத்த தவணை வந்து விழுகிறது. நடைமுறையில் லிக்விட் ஃபண்டில் மாலை 3 மணிக்கு முன் கேட்டால் பணம் அடுத்த வேலை நாளில் வரும். வெள்ளிக்கிழமை கேட்டால் திங்கள்கிழமை. பொங்கலும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் இன்னும் தள்ளும். விடுதிக்கு நாளொன்றுக்குச் சுமார் 23,000 ரூபாய் செலவாகிறது. நான்கு நாளுக்கு என்று 1 லட்சத்தை அடியில் நிறுத்திவிடுங்கள். இருப்பு 1 லட்சத்தைத் தொட்டால், தேதி வராவிட்டாலும் எடுக்க வேண்டும். இதற்கான விலை ஆண்டுக்கு 6,000 ரூபாய் வட்டி. கரண்ட் அக்கவுண்டுக்கு வங்கி கேட்கும் குறைந்தபட்ச இருப்பும் இந்த அடித்தட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறதா என்று பாருங்கள்.

பணம் போடும் பக்கத்திலும் ஒரு கடிகாரம் உண்டு. லிக்விட் ஃபண்டில் பகல் 1:30-க்குள் விண்ணப்பமும் பணமும் போய்ச் சேர்ந்துவிட்டால் முந்தைய நாள் விலை கிடைக்கும். வெள்ளிக்கிழமை 1:30-ஐத் தாண்டிவிட்டால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வட்டியும் போச்சு. 60 லட்சத்துக்கு அது கிட்டத்தட்ட 2,960 ரூபாய், பத்து முறை பணம் எடுக்கும் செலவுக்குச் சமம். C 2.9 லட்சமா 3.5 லட்சமா என்று அலசுவதை விட, ஜூனில் அந்த ஒரு வெள்ளிக்கிழமையைத் தவறவிடாமல் இருப்பது அதிகப் பணம்.

இன்னொன்று, லிக்விட் ஃபண்ட் வங்கி டெபாசிட் இல்லை. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் கடனைத் திருப்பித் தரத் தவறியபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. இந்தச் சூத்திரங்களில் அந்த அபாயத்துக்கு இடமே இல்லை. k-ஐ 6-இலிருந்து 7 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வேறு ஃபண்டைக் காட்டினால், அந்த ஒரு சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பணம் ஏறியும் இறங்கியும் ஆடும் இடம்: மில்லர்-ஓர் மாடல்

விடுதிக்கு வரவு ஆண்டில் இரண்டே முறை. மதுரையில் ஒரு மருந்து மொத்த விநியோகஸ்தரை எடுத்துக்கொண்டால் கதை வேறு. மெடிக்கல் கடைகளிலிருந்து தினமும் பணம் வருகிறது, மருந்து கம்பெனிகளுக்குத் தினமும் போகிறது. இன்று இருப்பு ஒரு லட்சம் ஏறும், நாளை எண்பதாயிரம் இறங்கும், நாளை மறுநாள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இங்கே பாமோல் உதவாது. 1966இல் மெர்ட்டன் மில்லரும் டேனியல் ஓரும் இதற்கென்றே ஒரு மாடல் எழுதினார்கள். மில்லர் பின்னால் 1990இல் நிதிப் பொருளாதாரத்துக்காக நோபல் பெற்றவர்.

இவர்கள் சொன்னது இதுதான். இருப்பு தன் போக்கில் ஆடட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டைத் தொடும்போது மட்டும் தலையிட்டு, நடுவில் உள்ள ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இருப்பைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

```
Z = (3 * b * v / (4 * i)) ^ (1/3)
திரும்பும் அளவு = L + Z
மேல் கோடு = L + 3Z
```

L என்பது கீழ்க் கோடு. அதை மாடல் சொல்லாது, நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். விடுதிக்கு அடித்தட்டு வைத்ததைப் போலவே, பணம் வந்து சேரும் நாட்களை நினைத்து வையுங்கள். b என்பது முன்பு பார்த்த F-தான். v என்பது தினசரி நிகர மாற்றத்தின் மாறுபாடு, அதாவது வேரியன்ஸ். i என்பது ஒரு நாள் வட்டி. ஒரு நாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஆண்டு வட்டி இல்லை.

v-ஐக் கண்டுபிடிக்க வங்கி ஸ்டேட்மென்ட் போதும். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒவ்வொரு நாளின் முடிவு இருப்பை ஒரு பத்தியில் எழுதுங்கள். அடுத்த பத்தியில் இன்றைய இருப்பிலிருந்து நேற்றைய இருப்பைக் கழியுங்கள். அப்புறம் விடுதிக்குச் செய்த அதே வேலை: தேதி முன்கூட்டியே தெரிந்த பெரிய தொகைகளை நீக்குங்கள். ஏழாம் தேதி டி.டி.எஸ்., இருபதாம் தேதி ஜி.எஸ்.டி., சம்பளம், காலாண்டு முன்கூட்டிய வரி எல்லாம் போக வேண்டும். ஃபண்டுக்கும் கணக்குக்கும் இடையே நீங்களே மாற்றிய தொகைகளும் போக வேண்டும். இவற்றை விட்டுவைத்தால் மாறுபாடு பல மடங்கு ஊதிப்போய், மேல் கோடு எங்கேயோ வானத்தில் நிற்கும். தொடவே தொடாத கோட்டால் என்ன பயன்?

மீதி வித்தியாசங்கள் C பத்தியில் 90 வரிசைகளில் இருந்தால்:

```
=(3*300*VAR.S(C2:C91)/(4*0.06/365))^(1/3)
```

நம் விநியோகஸ்தருக்குத் தினசரி ஆட்டத்தின் திட்ட விலக்கம் 80,000 ரூபாய் என்று வைப்போம். v என்பது அதன் வர்க்கம். L 2 லட்சம். Z சுமார் 2.06 லட்சம் வருகிறது. திரும்பும் அளவு 4.06 லட்சம், மேல் கோடு 8.18 லட்சம். இனி வேலை எளிது. இருப்பு 8.18 லட்சத்தைத் தொட்டால் 4.12 லட்சத்தை ஃபண்டில் போட வேண்டும். 2 லட்சத்துக்கு இறங்கினால் 2.06 லட்சத்தை எடுக்க வேண்டும். நடுவில் எங்கே இருந்தாலும் பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பேசாமல் இருப்பதுதான் பலருக்கும் கடினம். ஏழரை லட்சம் கிடப்பதைப் பார்த்தால் கை ஊறும்.

திரும்பும் இடம் நடுமையமாக இல்லாமல் கீழே, மூன்றில் ஒரு பங்கில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கோடுகளுக்கு நடுவே மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் அதிக வட்டியைத் தின்கிறது. ஆகவே கொஞ்சம் கீழிருந்தே தொடங்குவது லாபம். அதற்காக ரொம்பக் கீழே போனால் கீழ்க் கோட்டை அடிக்கடி தொட்டு எடுக்கும் செலவு ஏறும். இரண்டும் ஒத்துப்போகும் இடம் மூன்றில் ஒன்று.

பாமோலில் இரு செலவும் சமமாக இருந்தால் கணக்கு சரி என்றேன். இங்கே அளவுகோல் வேறு. L-க்கு மேலே உள்ள சராசரி இருப்பு Z-ஐப் போல 4/3 மடங்கு, அதாவது சுமார் 2.75 லட்சம். அதன் ஆண்டு வட்டி 16,500 ரூபாய். மாற்றும் வேலை சராசரியாகப் பதின்மூன்று நாளுக்கு ஒரு முறை வரும், அதன் ஆண்டுச் செலவு சுமார் 8,250. வட்டிச் செலவு மாற்றும் செலவைப் போல இரு மடங்கு. மில்லர்-ஓர் கணக்கில் எப்போதும் இந்த விகிதம்தான் வரும்.

அலகுப் பிழையைப் பிடிக்க இன்னும் எளிய வழி உண்டு. ஒரு நாள் வட்டிக்குப் பதில் ஆண்டு வட்டியைப் போட்டுவிட்டால் Z ஏழில் ஒரு பங்காகச் சுருங்கி 29,000 ரூபாய் என்று வரும். சாதாரண நாளிலேயே 80,000 ஆடும் கணக்குக்கு 29,000 இடைவெளியில் கோடு போட்டால் ஏறக்குறைய தினமும் தொடும். ஆகவே Z உங்கள் ஒரு நாள் ஆட்டத்தை விடச் சிறியதாக வந்தால், முதலில் i-ஐப் பாருங்கள். வேரியன்ஸ் கேட்கும் இடத்தில் திட்ட விலக்கத்தைப் போட்டாலும் இப்படித்தான் அபத்தமாகச் சிறிய எண் வரும்.

மில்லரும் ஓரும் இதை யூனியன் டேங்க் கார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பண இருப்புக் கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆடுவது முழுக்க அதிர்ஷ்டம் என்று நினைக்கும் இந்த மாடல், எதிர்காலம் ஓரளவு தெரிந்த ஒரு நிதி அதிகாரியிடம் தோற்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாறாக, அந்த அதிகாரி வைத்திருந்ததை விடக் குறைந்த சராசரி இருப்பிலேயே மாடலால் ஓட்ட முடிந்தது.

அதற்காகத் தெரிந்த செய்தியை வீணாக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் தேதி மேல் கோட்டைத் தொட்டுவிட்டது, இருபதாம் தேதி ஜி.எஸ்.டி.க்கு 3 லட்சம் போக வேண்டும் என்றால், அன்று 4.12 லட்சத்தை ஃபண்டில் போட்டுவிட்டு மறுநாளே திரும்ப எடுப்பது முட்டாள்தனம். 1972இல் பெர்னெல் ஸ்டோன் என்பவர் இதையே ஒரு திருத்தமாகச் சொன்னார்: கோட்டைத் தொட்டதும் உடனே செயல்படாமல் அடுத்த சில நாட்களின் எதிர்பார்ப்பைப் பாருங்கள், தானாக உள்ளே திரும்பிவிடும் என்று தெரிந்தால் சும்மா இருங்கள். சிறு நிறுவனத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பார்வை போதும்.

எப்போது மறுபடி கணக்குப் போடுவது

வட்டி விகிதம் மாறும்போதெல்லாம் போட வேண்டாம். 6% என்பது 5% ஆனால் பாமோலின் C பத்து சதவீதத்துக்குள்தான் ஏறும், மில்லர்-ஓரின் Z அதை விடக் குறைவாக ஏறும். முன்பு பார்த்த தட்டைக் கோட்டில் அது ஒன்றுமே இல்லை. தொழிலின் ஆட்டம் மாறும்போதுதான் போட வேண்டும். புதிதாக ஒரு பெரிய கம்பெனியின் விநியோகம் சேர்ந்து, திட்ட விலக்கம் இரட்டிப்பானால் Z ஏறக்குறைய 1.6 மடங்கு ஆகும்.

ஆட்டம் மாறிவிட்டதா என்பதைக் கோடுகளைத் தொடும் எண்ணிக்கையே காட்டிவிடும். வரவும் செலவும் சராசரியில் சமமாக இருந்தால், மேல் கோட்டை ஒரு முறை தொடுவதற்குள் கீழ்க் கோட்டை இரண்டு முறை தொடும். மேலே தொட்டால் 2Z உள்ளே போகிறது, கீழே தொட்டால் Z வெளியே வருகிறது, அதனால் கணக்கு நேராகிறது. ஓர் ஆண்டுப் பதிவைப் பார்த்துவிட்டு, மேல் கோட்டையே திரும்பத் திரும்பத் தொட்டிருந்தால், உங்களிடம் நிலையான உபரி சேர்ந்துகொண்டிருக்கிறது. அது லிக்விட் ஃபண்டில் இருக்க வேண்டிய பணமே இல்லை, நீண்ட கால டெபாசிட்டுக்கோ தொழிலுக்கோ போக வேண்டும். கீழ்க் கோட்டையே தொட்டுக்கொண்டிருந்தால் ஃபண்ட் மெல்லக் காலியாகிறது. அப்போது கோடுகளை நகர்த்திப் பயனில்லை, வசூலைப் பாருங்கள்.